மூன்று தலைகளும் மூன்று டப்பாக்களும்

வேலூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இரண்டு நாற்காலி போட்டு நான் பியூட்டி பார்லர் நடத்திய காலத்தில், என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் சொன்னதைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள், டீச்சர்கள், கலெக்டர் ஆபீஸ் அம்மாக்கள் எல்லோரும் என்னிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். "இது உங்க முடிக்கு ஒத்து வராது" என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஊர் பூராவும் கேட்ட அந்தப் பேச்சை என் வீட்டில் மட்டும் யாரும் மதித்ததில்லை. நாங்கள் மூன்று பெண்கள். நான் நடு. நடுவில் பிறந்தவள் எதில் பட்டம் வாங்கினாலும் வீட்டுக்குள் நடுதான்.

பெரியக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பேரணாம்பட்டில் அப்பாவோடு இருந்தாள். அங்கேயே நர்சாக வேலை. எனக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் சடை பின்னியது, பரீட்சைக்கு எழுப்பியது, கல்யாணம் செய்து அனுப்பியது எல்லாம் பெரியக்காதான். அவளுக்கு வந்த வரன்களை அவளே ஏதாவது காரணம் சொல்லித் தட்டிவிட்டாள். நாற்பது தாண்டியதும் வரன் வருவது நின்றது. நரை வருவது மட்டும் நிற்கவில்லை. ஐம்பதில் தலை முழுக்க வெள்ளை. ஆனால் முடி என்றால் அப்படி ஒரு முடி. ஒரு கையில் பிடித்தால் அடங்காது. சீப்பு உள்ளே போனால் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும்.

நாங்கள் வேலூரில் வீடு கட்டிக் குடிபோனபோது பிரதிஷ்டை ஜெபத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் போட்டோக்காரர் குடும்பத்தை வரிசைப்படுத்தினார். நடுவில் நாற்காலியில் அப்பா. பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, பெரியக்காவைப் பார்த்து, "அம்மா, நீங்க ஐயா பக்கத்துல உக்காருங்க" என்றார். பெரியக்கா ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். விசேஷ வீட்டில் எதற்குப் பேச்சு என்று நினைத்திருப்பாள். நாங்களும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு பின்னால் நின்றோம். அந்தப் படத்தை என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா நல்லா திடமா இருக்காங்களே" என்றார்கள். அப்படி ஒருத்தி சொன்னபோது பெரியக்கா சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவது ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

அதனால்தான் ஐந்து வருடம் கழித்து அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஸ்தோத்திர ஆராதனை வைப்பது என்று முடிவானதும், பெரியக்கா எனக்குப் போன் செய்தாள். சர்ச் ஐயர், சாப்பாடு, பந்தல் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த தடவ போட்டோல நான் பின்னாடி நிக்கணும்டி. உங்க ரெண்டு பேர் கூட. அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணு."

அவள் எனக்காகச் செய்த எதையும் நான் அவளுக்குத் திருப்பிச் செய்ததில்லை. இதுவாவது என் தொழில். லாங் பஜாரில் நான் வழக்கமாக வாங்கும் மொத்தக் கடைக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, இரண்டு டப்பா வாங்கினேன். ஒன்று கிரீம் டை. அது பெரியக்காவுக்கு. கிரீம் கெட்டியாக இருக்கும், வழியாது. அடர்ந்த முரட்டு முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பிரஷால் வேர் வரைக்கும் தடவினால் வைத்த இடத்தில் நிற்கும். பிடிவாதமான நரையைப் பிடிப்பது அதுதான். இன்னொன்று ஜெல் டை. அது எனக்கு. என் முடி நூல் மாதிரி. அதில் கிரீமை அப்பினால் முடி மண்டையோடு ஒட்டிக்கொண்டு தோலும் சேர்ந்து கறுக்கும். ஜெல் இளகலாக இருப்பதால் மெல்லிய முடியில் சீக்கிரம் பரவும், கனக்காது. வழியும் என்பதுதான் அதன் ஒரே கெட்ட குணம். எனக்கும் மூன்று வாரமாக வேர் வெளுத்துக்கிடந்தது. விசேஷத்துக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தேன்.

கணக்கு சரியாக இருந்தது. நான் டப்பாக்களோடு பேரணாம்பட்டில் அப்பா வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே, அதைக் கெடுக்கச் சிங்கப்பூரிலிருந்து சின்னவள் வந்தாள்.

எங்களில் கடைக்குட்டி அவள். முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நரை என்று பார்த்தால் வகிட்டை ஒட்டி ஒரு விரல் அகலம்தான். அவள் பெட்டியைத் திறந்து, ஜிகினா அட்டைக்குள் இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். இது ஃபோம் டை, அங்கே இப்போது எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள், பிரஷ் வேண்டாம், கிண்ணம் வேண்டாம், ஷாம்பு மாதிரி நுரையைக் கையில் எடுத்துத் தலையில் தேய்த்தால் முடிந்தது என்றாள். அட்டைமேல் ஒரு பெண் கண்ணை மூடி, தலை முழுக்க நுரையோடு, சொர்க்கத்துக்குப் போனவள்போல் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுத்து எதுவும் எங்களுக்குப் புரியாத மொழி.

பெரியக்கா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் கேக்கானாலும் கோழிக்கறியானாலும் எது உசத்தியோ அது முதலில் மூத்தவளுக்கு. அம்மா போட்ட சட்டம். சின்னவள் யோசிக்கவே இல்லை. "இது பெரியக்காவுக்கு" என்று கையில் கொடுத்துவிட்டாள். ஃபோமைப் பெரியக்கா எடுத்துக்கொண்டதால், அடுத்ததாக இருந்த ஜெல்லைச் சின்னவள் கைப்பற்றினாள். கடைசியில் மிஞ்சிய கிரீம் எனக்கு. நான் கத்தினேன். ஃபோம் நல்ல பொருள்தான், ஆனால் அது மெல்லிசான முடிக்கு, குட்டையான முடிக்கு. அடர்ந்த முடியில் மேலாகப் படிந்துவிட்டு உள்ளே போகாது, ஒரு பாட்டில் உனக்குப் பத்தவும் பத்தாது, அதை எனக்குக் கொடுத்துவிட்டு நீ கிரீமை எடுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். உசத்தியானதைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறேன் என்பதுபோல் இருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அதற்குமேல் வாயைத் திறந்தால் மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் அடங்காத என் வாய் இந்த வீட்டில் அடங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியக்கா என் கட்சி. வியாழக்கிழமையே மூன்று டப்பாவிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, மூன்று பேர் காதுக்குப் பின்னாலும் தடவி, இரண்டு நாள் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அவளும் காலை மாலை ஆஸ்பத்திரியில் பார்ப்பதுபோல் எங்கள் காதைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதாத குறையாகச் சொன்னாள். அப்பாவும் தன் காதை நீட்டினார். அவர் தலையில் பதினோரு முடி இருந்தது. எனக்கு எந்த ரகம் ஒத்துவரும் என்று கேட்டார். உங்களுக்குப் பேனா போதும்ப்பா என்றேன்.

சனிக்கிழமை மதியம் பின்கட்டில் வேலை ஆரம்பித்தது. முதலில் சின்னவள். மறுநாள் சமையலுக்கு ஆளைப் பார்க்கப் போகவேண்டும் என்று பறந்தாள். நெற்றி ஓரத்தில் வாஸ்லின் தடவிக்கொள்ளச் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். இவ்வளவு நீள முடிக்கு நுனிவரை போட ஒரு டப்பா எந்த மூலைக்கு? அதனால் வகிட்டில் நரைத்த இடத்தில் மட்டும் ஜெல்லைத் தடவினேன். ஐந்து நிமிடம்தான் சும்மா இருந்தாள். அதற்குள் செல்போனில் சமையல்காரரைப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு பிரியாணிக்கு எத்தனை கிலோ என்று பேச ஆரம்பித்துவிட்டாள். ஜெல் தன் குணத்தைக் காட்டியது. நெற்றியில் இறங்கி, புருவத்தில் ஒதுங்கி, காதுமடலைச் சுற்றி வழிந்தது. நான் துடைக்கத் துடைக்க அவள் தலையை ஆட்டிக்கொண்டே பேசினாள். கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சத்தைச் சீப்பால் கீழே இழுத்து வாரிவிட்டு, அலசியதும் முடி அருமையாக வந்தது. நெற்றியில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. கோல்டு கிரீமைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியை எடுத்தேன். மீதிப் பாதிக்கு முன்முடியை இறக்கி வாரிக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்தது பெரியக்கா. ஃபோம் பாட்டிலில் டப்பாவோடு வந்த இரண்டு மருந்தையும் ஊற்றி மூடிவிட்டு, நான் கையுறை எடுக்கத் திரும்பினேன். அட்டையில் பாட்டிலை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்க்கிற மாதிரி ஒரு படம் போட்டிருந்தது. பக்கத்திலேயே குலுக்குகிற படத்தின்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. நான் அதைப் பார்த்திருந்தேன். பெரியக்கா பார்க்கவில்லை. முப்பது வருடமாக வார்டில் மிக்சர் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றிய கை அது. நான் திரும்பும்போது பாட்டிலைக் காதோரம் தூக்கிப் பிடித்து, தண்ணீர் கொதிக்கிற சத்தம் வரும்படி குலுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏன் குலுக்கினாய் என்று கேட்டதற்கு, "குலுக்காம எந்த மருந்தும் கலக்காது. நீ எனக்கு சொல்லித் தராத" என்றாள்.

உள்ளேயே குமிழ் கட்டிவிட்ட மருந்து, பாட்டிலை அழுத்தியபோது பாதி நுரை பாதி தண்ணீராக வந்தது. மீசை வைத்துக்கொள்ளத் தகுந்த கெட்டி நுரை வரவேண்டிய இடத்தில், சோப்பு ஊறிய துணியைப் பிழிந்த மாதிரி பெரிய பெரிய குமிழ்களாக வந்து, கையில் வைத்ததும் அடங்கிப்போனது. தலையில் வைத்துத் தேய்த்தேன். அந்த முடி அதைக் குடித்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி குடித்தது. காதுக்கு மேலே வரும்போதே பாட்டில் காற்றுவிட ஆரம்பித்தது. பின்மண்டைக்கு வந்தது வெறும் சத்தம்தான். அட்டைப் பெண்ணின் சிரிப்பைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியக்கா மட்டும் கண்ணை மூடி, முகத்தில் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் ஒரு நாள் அவள் தலையை இன்னொருத்தி தேய்த்துவிடுகிறாள். பாட்டில் தீர்ந்ததைச் சொல்லாமல், வெறும் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அலசினோம். ஈர முடி எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். அதுவும் சாயந்திர வெளிச்சத்தில், கரண்டும் போயிருந்த பின்கட்டில், பெரியக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. என் தலையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிரீம் டப்பாவைப் பிரிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வெயில் முற்றத்தில் விழுந்தபோது, பெரியக்கா தலையை உலர்த்திக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. உச்சியும் முன்பக்கமும் கறுப்பு. நடுவில் திட்டுத் திட்டாகச் சாம்பல். பின்மண்டை பூராவும் பால்வெள்ளை. முடியை மேலே தூக்கிப் பார்த்தால் உள்ளே நேற்றைய நரை அப்படியே சௌக்கியமாக இருந்தது. முன்னால் பார்த்தால் நாற்பது வயது, பின்னால் பார்த்தால் எழுபது. என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தோல் கொடுக்கும் ஃபேக்டரியில் சாயம் போட்டு முடிக்கும் ஃபினிஷிங் பார்ப்பவர். அவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எருமத் தோலுக்கு ஆட்டுத் தோலு கலரு போட்டா இப்டிதான் வரும். எங்க கிட்ட இது ரிஜெக்ஷன்" என்றார். அவரை அப்போதே பின்கட்டிலிருந்து வெளியே அனுப்பினேன்.

பெரியக்கா கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பரவாயில்லை, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், அப்பாவுக்கும் பக்கத்தில் ஆள் வேண்டாமா என்றாள். அவள் அப்படிச் சொன்னதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆராதனை ஒன்பதரைக்கு. கையில் இருந்தது ஒரே ஒரு கிரீம் டப்பா. வீட்டுக்காரரை வண்டியில் கடைக்கு விரட்டினேன். அந்நேரத்துக்குத் திறந்திருந்த ஒரே கடையில் கறுப்புப் பவுடர் பாக்கெட்தான் இருந்தது என்று வாங்கிவந்தார். காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்காத எதையும் இந்த வீட்டில் யாரும் தலையில் வைக்கக்கூடாது என்று பெரியக்கா நர்சுக் குரலில் சொல்லிவிட்டாள். அப்புறம் ஜன்னலில் இருந்த டப்பாவைப் பார்த்து, அது உன்னுடையதாச்சே என்றாள்.

"உக்காருக்கா. இன்னிக்கு நான்தான் மூத்தவ" என்றேன்.

இந்த முறை என் வாய் அந்த வீட்டில் செல்லுபடியானது. முடியை நாலாகப் பிரித்து கிளிப் போட்டேன். காதோரமும் பிடரியும் வாஸ்லின். கிண்ணத்தில் கிரீமைக் குழைத்து, பின்கழுத்தில் ஆரம்பித்து, விரல் அகலத்துக்கு ஒரு வகிடு எடுத்து, பிரஷால் இரு பக்கமும் தடவி, அடுத்த வகிடு எடுத்தேன். கிரீம் வைத்த இடத்தில் மரியாதையாக நின்றது. ஏற்கெனவே கறுத்த இடத்தைத் தொடாமல் வெள்ளையிலும் சாம்பலிலும் மட்டும் போட்டதால்தான் ஒரு டப்பா போதுமானது. கடைசி வகிட்டுக்குக் கிண்ணத்தை வழித்துத்தான் எடுத்தேன். எனக்கென்று ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை. அரை மணி நேரம் ஊறவிட்டு அலசி, வெயிலில் உலர்த்திப் பார்த்தோம். உச்சி முதல் பிடரி வரை ஒரே கறுப்பு. சின்னவள் வந்து அதைப் பின்னி, மல்லிகை வைத்தாள். அக்காவைப் பின்னாலிருந்து பார்த்தபோது, எனக்குச் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன அந்த இருபத்து மூன்று வயதுப் பெண் மாதிரியே இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். மல்லிகை வாசனை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மணி ஒன்பதே கால். விரலெல்லாம் கறுப்பு, கண்ணெல்லாம் சிவப்பு. தலையைப் பார்க்க நேரமில்லை. மூன்று வார நரையோடு இருந்த நூல்முடியை அள்ளி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொண்டை போட்டேன். அப்பாவின் விசேஷம் என்பதால் அம்மாவின் பழைய சந்தன நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்ள எடுத்துவைத்திருந்தேன். அதைச் சுற்றிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆராதனை நன்றாக நடந்தது. ஐயர் கொஞ்சம் அதிகமாகவே பேசினார். முடிந்ததும் சர்ச் வாசலில் போட்டோ. புதிதாகக் கடை போட்ட ஒரு போட்டோக்காரர். நடுவில் அப்பாவை உட்காரவைத்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டார். பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார். பெரியக்காவையும் சின்னவளையும் காட்டி, "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பின்னாடி சேந்து நில்லுங்க" என்றார்.

பெரியக்காவின் பிடி தளர்ந்தது. அவள் முகத்தைப் பார்க்க நான் திரும்புவதற்குள் போட்டோக்காரர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அம்மா, நீங்க ஐயா பக்கத்துல உக்காருங்க."

என் வாயில் அப்போது ஒரு டஜன் வார்த்தை வரிசையாக நின்றது. வேலூரில் ஒருத்தி என்னைப் பார்த்து இப்படிச் சொல்லியிருந்தால் அவள் புருவம் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்திருக்காது. அதற்குள் என் வீட்டுக்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் வந்தார். போட்டோக்காரர் அவரிடமும், "மாப்ள சார், நீங்க மாமியாருக்குப் பின்னாடி நில்லுங்க" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியக்கா. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சின்னவளின் தோளில் சாய்ந்து, உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு மூத்தவளாகிவிட்ட பிறகு அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. வாயில் நின்ற ஒரு டஜன் வார்த்தையையும் முழுங்கிவிட்டு, அம்மாவின் புடவையைச் சரி செய்துகொண்டு, போய் உட்கார்ந்தேன். அப்பா என் பக்கம் சாய்ந்து, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

அதற்கப்புறம் ஒரு வருடம் வீட்டுக்காரர் என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அலமாரிக்குள் போன பழைய படம் இருந்த அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற அந்த அடர்ந்த முடிக்காரி உங்கள் தங்கச்சியா என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.